யாரும் கேட்காத மண்பானை

படம் தபால் அட்டையைவிடக் கொஞ்சம் பெரியது. கறுப்பு வெள்ளை. தடித்த பழுப்பு அட்டையில் ஒட்டியிருக்கிறது. பின்பக்கம் திண்டுக்கல் என்று பாதி அழிந்த ஸ்டூடியோ முத்திரை; தேதி இல்லை. காந்திகிராமத்துப் பக்கம் ஒரு பள்ளியின் ஆண்டுவிழா நாடகம் என்பது மட்டும் படத்தைக் கொடுத்தவருக்குத் தெரியும். யார் யார் என்ன வேடம் என்று அச்சடித்த நோட்டீஸ் ஒன்று கூடவே இருந்ததாம். அதைக் கரையான் தின்றுவிட்டது. ஆண்டுமலரில் போட வேண்டும், கீழே நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்றார்கள். நாலு வரிதானே என்று வாங்கி வந்தேன்.

பத்துப் பிள்ளைகள். நிற்பவர்கள் ஆறு பேர். தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தவர்கள் நான்கு பேர். நிற்பவர்களை இடமிருந்து சொன்னால், கமண்டலம் ஏந்திய தாடிக்காரர், வாளோடு ஒரு கிரீடக்காரர், தண்டம் பிடித்த இன்னொரு தாடிக்காரர், வெறுங்கையோடு இன்னொரு கிரீடக்காரர், தலைப்பாகைக்காரர், கடைசியில் சட்டையில்லாமல் தோளில் கம்பளியும் கையில் நீளக் கழியுமாக ஒருவன். அவன் காலடியில் ஒரு மண்பானை. உட்கார்ந்தவர்களில் முதல் ஆள் பெரிய மீசையும் முண்டாசுமாக, கையில் சுருட்டிய கயிற்றோடு இருக்கிறான். அடுத்து சேலை கட்டிய ஒரு பிள்ளை. அதன் பக்கத்தில் மடியில் ஒரு கட்டை வைத்துக்கொண்டு எல்லோரையும்விடச் சின்னப் பையன். கடைசியில், வயிற்றில் தலையணை கட்டிக் குடுமி வைத்த ஒருவன்; அவன் மடியில் ஏதோ ஏடு.

பார்த்த அன்றே முடிவு செய்துவிட்டேன்: சத்தியவான் சாவித்திரி. பெரிய மீசை, கையில் கயிறு, எமனும் பாசக்கயிறும். சேலை கட்டிய பிள்ளை சாவித்திரி. மடியில் இருக்கும் கட்டு, சத்தியவான் காட்டில் வெட்டிய விறகு. தாடிக்காரர்களில் ஒருவர் கண்ணிழந்த மாமனார், மற்றவர் நாரதர். கிரீடங்களில் ஒன்று சாவித்திரியின் அப்பா. வாளோடு நிற்பவன் சத்தியவான். தலையணை வயிறு பபூன். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. கழியும் பானையுமாக நிற்பவனை மட்டும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை; காட்டு வேலையாள் என்று வைத்துக்கொண்டேன். சின்னப் பையன் யாருடைய தம்பியாவது, கூட வந்து உட்கார்ந்திருப்பான் என்றும் வைத்துக்கொண்டேன்.

இந்த 'வைத்துக்கொண்டேன்'தான் பிழை என்பது பிறகுதான் புரிந்தது. பழைய நாடகப் படத்தைப் படிக்கிறவர் எத்தனை பொருளைத் தன் கதைக்குப் பொருத்தினார் என்பது பெரிதில்லை. எமன் கயிறு என்று நான் நினைத்தது விறகு கட்டும் கயிறாகவும் இருக்கலாம், பாடை கட்டும் கயிறாகவும் இருக்கலாம். ஒரு கயிறு மூன்று நாடகத்துக்குப் பொருந்தும். எதுவும் பொருந்தாமல் மிஞ்சி நிற்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். சாவித்திரி கதையில் சின்னப் பையனுக்கு வேடமே கிடையாது. தாடிக்காரர் இருவர் கையிலும் தம்புராவோ சிப்ளாக்கட்டையோ இல்லை. அவை இல்லாத நாரதரை எந்த மேடையிலும் பார்க்க முடியாது. எமனுக்குக் கிரீடம் உண்டு, முண்டாசு கிடையாது. இதையெல்லாம் நான் பார்க்காமல் இல்லை. பார்த்துவிட்டு ஒதுக்கிவைத்தேன்.

திண்டுக்கல்லில் ஒரு காலத்தில் நாடக உடைகளை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சின்னாளபட்டியில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஸ்பெஷல் நாடகக்காரர்களுக்கு முகம் எழுதியவர். படத்தை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனவர், என் சாவித்திரிக் கதையை முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, நீங்க தலையப் பாத்துப் படிக்கிறீங்க. கிரீடம் யாருக்கு வேணாலும் குடுப்போம். கையப் பாருங்க. கையிலயும் எது உசந்த சாமானோ அத நம்பாதீங்க."

"அப்ப எதை நம்பறதுங்க ஐயா?"

"எதை எந்தப் பயலும் கேக்க மாட்டானோ, அத."

அவர் சொன்னதை விளக்க வேண்டும். பள்ளி ஆண்டுவிழாவுக்கு வாடகைக் கடையில் எடுத்தவை, வேடத்துக்கு வேடம் தனியாகத் தைத்தவை அல்ல. கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் ஒட்டிய அட்டைக் கிரீடம், ஜரிகை வைத்த வெல்வெட் சட்டை, புஜகீர்த்தி, மார்புப் பதக்கம் எல்லாம் சேர்ந்து 'ராஜா செட்'. தசரதனுக்கும் அதுதான், துரியோதனனுக்கும் அதுதான், கோவலனுக்கு மரண தண்டனை விதிக்கும் பாண்டியனுக்கும் அதுதான். 'ரிஷி செட்' என்றால் டோப்பா, ஒட்டுத்தாடி, ருத்திராட்சம், காவித்துணி. ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்களையே ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று இனம்பிரித்துத்தானே பேசுகிறோம். உடையும் அந்த இனம் வரைதான் சொல்லும். ராஜா என்று சொல்லும், எந்த ராஜா என்று சொல்லாது.

எந்த ராஜா என்பதைக் கைப்பொருள் சொல்லும். ஆனால் புகைப்படத்தில் அதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. நாடகம் முடிந்து படம் எடுக்க வரிசையில் நிற்கும்போது வாள் கைமாறும். பையன்கள் எல்லோருக்கும் வாள் வேண்டும். போட்டோக்காரருக்கும் நடுவில் ஒரு வாள் இருந்தால் படம் எடுப்பாக இருக்கும். வில், கதை, செங்கோல் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். புல்லுக்கட்டை யாரும் கேட்க மாட்டார்கள். மண்பானையை யாரும் பிடுங்க மாட்டார்கள். மேடையில் எவனிடம் இருந்ததோ அவனிடமே படத்திலும் இருக்கும். ஆகவே படத்தில் மிக மட்டமான பொருளிலிருந்து படிக்கத் தொடங்க வேண்டும்.

அப்படியே தொடங்கினோம். சின்னப் பையன் மடியில் இருப்பது விறகு இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மெல்லிய தாள்கள், நுனி கூராக, ஒரே நீளத்தில் இருக்கின்றன. தர்ப்பை. தர்ப்பை அறுக்கப் போன சிறுவன் என்றால் தமிழ் மேடையில் ஒருவன்தான். லோகிதாசன். பாம்பு கடித்துச் செத்தவன். அவன் பக்கத்தில் சேலையில் இருப்பது தாய் சந்திரமதி. கழியும் கம்பளியும் பானையுமாக நிற்பவன் சுடுகாடு காக்கிறவன். பானை, வாய்க்கரிசி வாங்கிச் சேர்க்க. கால் பணமும் முழத்துண்டும் ஆண்டைக்கு, வாய்க்கரிசி காவல்காரனுக்கு என்பது அந்த மயானத்துச் சட்டம். நான் வேலையாள் என்று ஓரங்கட்டியவன்தான் கதாநாயகன், அவன்தான் அரிச்சந்திரன்.

மற்றவர்கள் தாமாக இடம்பிடித்தார்கள். எமன் என்று நான் நினைத்த முண்டாசு மீசை, அரிச்சந்திரனை விலைக்கு வாங்கிய வீரவாகு. கயிறு சுடுகாட்டுத் தொழில் கயிறு. தலைப்பாகை அமைச்சர் சத்தியகீர்த்தி. தாடிக்காரர் இருவரும் வசிட்டரும் விசுவாமித்திரரும். அரிச்சந்திரனைப் போல் பொய் சொல்லாதவன் இல்லை என்று ஒருவர் சொல்ல, பொய் சொல்ல வைத்துக் காட்டுகிறேன் என்று மற்றவர் சபதம் போட்ட இடம் இந்திரன் சபை. அந்தத் தாடிகளுக்கு நடுவில் வாளோடு நிற்கும் கிரீடம் இந்திரனாக இருக்க வேண்டும். வாள் அவனுடையதில்லை, கடைசிக் காட்சியில் மனைவியின் தலையை வெட்ட ஓங்கிய அரிச்சந்திரன் கையில் இருந்தது எப்படியோ இங்கே வந்திருக்கிறது. பெரியவர் சொன்ன கைமாற்றம் இதுதான்.

அவர் சொன்னதைக் கேட்டும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. கழி பிடித்தவன் அரிச்சந்திரன்தானா, வீரவாகுவின் இன்னோர் ஆளா? நாடகத்தின் தலைவனை ஓரத்திலா நிறுத்துவார்கள்? மகள் கொண்டுவந்த காப்பி ஆறிக்கொண்டிருந்தது. பெரியவர் கண்ணாடியை அந்தப் பையன் நெற்றியில் வைத்து, "இங்க பாருங்க" என்றார்.

நெற்றியில், மயிர்க்கோட்டுக்கு ஒரு விரல் கீழே, இந்தப் பொட்டிலிருந்து அந்தப் பொட்டு வரை மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஓடுகிறது. கோட்டுக்கு மேலே பையனின் சொந்த நிறம். கீழே ரோஸ் பவுடர் அப்பிய வெளிறிய நிறம். அட்டைக் கிரீடத்தின் விளிம்பு அழுத்திய தடம் அது. வேர்வையில் அரிதாரம் கிரீட விளிம்போடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மேடைக்குப் பின்னால் முகத்தை மறுபடி எழுத நேரம் இருக்காது. சுடுகாட்டுக் காவலாளிக்கு ராஜா முகம் எதற்கு? அன்று மாலை அந்தத் தலையில் கிரீடம் இருந்திருக்கிறது. வீரவாகு நெற்றியில் அப்படிக் கோடு எதுவும் இல்லை; கரி பூசிய முகம், முண்டாசு வரை ஒரே இருட்டு.

அப்படியென்றால் அந்தக் கிரீடம் எங்கே போயிற்று? அதையும் அவரே காட்டினார். வெறுங்கையோடு நிற்கும் இரண்டாவது கிரீடக்காரனுக்குக் கிரீடம் புருவம் வரை இறங்கி, காது மடல்களை வெளியே தள்ளியிருக்கிறது. அவன் தலைக்கு அளவு பார்த்து எடுத்தது இல்லை. "இந்திரன், அரிச்சந்திரன், காசி ராசா. மூணு ராசா வேணும். ரெண்டு கிரீடம் எடுத்தாப் போதும் தம்பி. இவன் எறங்குனதும் அவன் போட்டுக்குவான்." காசிக்கு வருவதற்குள் அரிச்சந்திரனுக்குக் கிரீடம் போய்விடுகிறது, காசி ராஜா கடைசியில்தான் வருகிறான். வாடகையில் ஒரு கிரீடம் மிச்சம். கதையும் கெடவில்லை.

நாடகம் முடிந்த பிறகு எடுத்த படம் என்பதும் இதிலிருந்தே உறுதியாகிறது. தொடங்குவதற்கு முன் எடுத்திருந்தால் அரிச்சந்திரன் நடுவில் கிரீடத்தோடு நின்றிருப்பான். கழியையும் பானையையும் தேடவே முடியாது. குழுப்படத்தைப் படிப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இவர்கள் கதையின் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்பது. மேடையில் உடை மாறும் வேடங்கள் இரண்டோ மூன்றோதான் இருக்கும். ஆனால் தலைமை வேடம் பெரும்பாலும் அவற்றில் ஒன்று. அதனால்தான் தலைவனே கண்ணுக்குத் தப்புகிறான்.

சந்திரமதியின் சேலையும் ஒரு செய்தி சொன்னது. உடலெங்கும் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள், ஒன்றுபோல் ஒன்று இல்லாமல். அச்சடித்த புள்ளி ஒரே அளவாக இருக்கும். நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் முக்கி எடுத்தால்தான் இப்படி ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக விழும். சுங்குடி. பெரியவர் இருக்கும் இதே ஊர்ச் சரக்கு. ராஜா உடைகள் வாடகைக் கடையிலிருந்து வர, ராணியின் உடை யாரோ ஒரு அம்மாவின் பெட்டியிலிருந்து வந்திருக்கிறது. அயோத்தி அரசி சின்னாளபட்டிச் சேலை கட்டியிருப்பது வேடத்தைப் பற்றிச் சொல்வது ஒன்றுமில்லை. எந்த ஊரில் எடுத்த படம் என்று சொல்வது, முத்திரையைத் தவிர, அது ஒன்றுதான்.

தீராதவையும் உண்டு. தாடிக்காரர்களில் யார் வசிட்டர், யார் விசுவாமித்திரர்? வெள்ளைத் தாடியும் கறுப்புத் தாடியுமாக இருந்தால் சொல்லிவிடலாம். இரண்டும் ஒரே டோப்பா. துணியின் நிறம் உதவும் என்றால், கறுப்பு வெள்ளைப் படத்தில் காவியும் பச்சையும் ஒரே சாம்பல். அடுத்து, ஏடு வைத்திருக்கும் தலையணை வயிற்றுக்காரன். கடன் வசூலிக்க வந்து, கடைசியில் தன் நடைக்கூலியும் கேட்டு உயிரை வாங்கும் நட்சத்திரேசன் என்றால் அது கணக்கேடு. சந்திரமதியை விலைக்கு வாங்கிய காலகண்டன் என்றால் அது பஞ்சாங்கம். இருவரும் விற்கும் காட்சியில் நேருக்கு நேர் வருகிறவர்கள்; ஒரே பையன் இரண்டும் செய்ய முடியாது. ஒன்று, ஒருவன் படத்துக்கு நிற்காமல் போயிருக்க வேண்டும். அல்லது காட்சியைச் சுருக்கியிருக்க வேண்டும். இரண்டுக்கும் படத்தில் சாட்சி இல்லை. எனவே அங்கே கேள்விக்குறிதான்.

சிவன் கோயில் சுற்றுப் பிரகாரத்தில் அறுபத்து மூவர் வரிசை நிற்கிறது. பெரும்பாலோர் கைகூப்பி ஒன்றுபோல் இருப்பார்கள்; பீடத்தில் எழுதிய பெயர் அழிந்தால் யார் யாரென்று சொல்ல முடியாது. அப்பரை மட்டும் யாரும் தவறவிடுவதில்லை. தோளில் சாய்ந்திருக்கும் உழவாரப்படை காட்டிக்கொடுத்துவிடும். புல் செதுக்கும் கருவி அது. அரசர்களும் வணிகர்களும் நிறைந்த வரிசையில் அடையாளமாக நிற்பது அந்த இரும்புத் துண்டுதான். பெரியவர் படத்தைப் படித்த முறையும் அதுவே.

காந்திகிராமத்தில் அரிச்சந்திரன் நாடகம் போட்டதில் ஆச்சரியம் இல்லை. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் காந்தியின் பெயரில் தொடங்கிய இடம். காந்தி சிறுவயதில் அரிச்சந்திரன் நாடகம் பார்த்ததும், அது தன்னை விடாமல் பற்றிக்கொண்டதும் அவருடைய சத்திய சோதனையில் இருக்கின்றன. அதே பக்கங்களில் இன்னொன்றும் இருக்கிறது. ஊர் ஊராகப் படம் காட்டி வந்தவர்களிடம், கண்ணில்லாத தாய் தந்தையைக் காவடியில் சுமந்து செல்லும் சிரவணனைப் பார்த்திருக்கிறார். பெயர் எழுதாவிட்டாலும் அந்தப் படத்தை இந்தியாவில் யாரும் தவறாகப் படிக்க மாட்டார்கள். தோளில் காவடி இருக்கிறதே.

இதே காந்திகிராமத்தில் 1977இல் தேசிய நாடகப் பள்ளியின் பயிற்சிப் பட்டறை நடந்தது. இங்கே ஆசிரியராக இருந்த சே. இராமானுஜம் அதில் முன்னின்றார். தமிழில் நவீன நாடகம் என்று நாம் இன்று பேசுவதற்கு அந்தப் பட்டறை ஒரு தொடக்கம். வாடகைக் கிரீடத்தைக் கழற்றிவைத்துவிட்டு, உடம்பையும் அசைவையும் குரலையும் வைத்து வேடத்தைக் கட்டிய வழி அது. எனக்கு அந்த வழியில்தான் ரசனை. ஆனால் அந்த வகை நாடகங்களின் புகைப்படங்களைப் பார்க்கும்போது ஒன்று உறுத்துகிறது. எல்லோரும் ஒரே கறுப்பு உடை, வெறுங்கை. அசைவில் இருந்த வேடத்தை அசையாத படம் பிடிக்கவில்லை. நோட்டீஸ் தொலைந்தால் அங்கே எந்தப் பெரியவராலும் யாரையும் மீட்க முடியாது.

கிளம்பும்போது பெரியவர் அந்த மயானக் காட்சியை நினைவுபடுத்தினார். செத்த மகனை எரிக்க வந்திருக்கும் பெண்ணைக் காவலாளிக்குத் தெரியவில்லை. அவனையும் அவளுக்குத் தெரியவில்லை. இருட்டு, உடை மாறிவிட்டது, முகம் வற்றிவிட்டது. காசு இல்லை என்கிறாள். கழுத்தில் தாலி இருக்கிறதே, அதை விற்றுக் கொண்டுவா என்கிறான். கணவன் கண்ணைத் தவிர வேறு கண்ணுக்குத் தெரியாத தாலி அது. அந்த நொடியில் அவன் யார் என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. மேடையில் நின்றவர்களே ஒரு பொருளை வைத்துத்தான் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். எங்கள் படத்தில் சந்திரமதியின் கழுத்தில் தாலி தெரியவில்லை. கதைப்படி அது சரிதான்.

மலருக்கு நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: "அரிச்சந்திரன் நாடகம், முடிந்தபின் எடுத்த படம். நிற்பவர்கள் இடமிருந்து: முனிவர், இந்திரன், முனிவர், காசி அரசன், சத்தியகீர்த்தி, அரிச்சந்திரன். அமர்ந்தவர்கள்: வீரவாகு, சந்திரமதி, லோகிதாசன், நட்சத்திரேசன் அல்லது காலகண்டன். வேடங்கள் உடையையும் கைப்பொருளையும் வைத்து ஊகித்தவை." கடைசி வாக்கியத்தை எடுத்துவிடலாமே என்றார்கள். கூடாது என்றேன். ஊகம் என்று எழுதாத ஊகம், அடுத்த மலரில் ஆதாரமாகிவிடும்.

பத்து வேடங்களில் ஏழு வேடங்களுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. பத்துப் பிள்ளைகளில் ஒருவர் பெயரும் கிடைக்கவில்லை. நெற்றியில் கோடு விழுந்த அந்தப் பையன் யார் என்று பானையோ கழியோ சொல்லாது. வீட்டில் இப்படி ஒரு படம் இருந்தால், ஆள் அடையாளம் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முகத்துக்கு வரும், பால்பாயிண்ட் அழுத்திப் பள்ளம் போடும். மென்மையான பென்சிலால், பின்பக்க ஓரத்தில், இடமிருந்து வலமாக. வேடத்தின் பெயர் இல்லாவிட்டால் பரவாயில்லை. பிள்ளையின் பெயரை முதலில் எழுதுங்கள்.